சாலையோரத்தில் கிடைத்த காய்ந்த நெற்று, விதை, கொட்டை: எது எந்த மரத்தினுடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ந்துபோன ஒன்று கையில் இருக்கிறது. அது முழுக் காயா, உள்ளே இருந்த விதையா என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தழும்புகளை எண்ணுங்கள். காய் என்பது பூவின் சூலகம் முற்றி வந்தது. அதனால் அதில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். ஒன்று காம்பு இருந்த இடம், மற்றொன்று பூவின் சூல்தண்டு உதிர்ந்த முனை. இந்த முனை கூராகவோ, சின்ன அலகு போலவோ, வெறும் புள்ளியாகவோ இருக்கலாம். விதைக்கு ஒரே ஒரு தழும்புதான். காயின் சுவரோடு அதை இணைத்திருந்த இழை அறுந்த இடம் அது. நம் தொப்புள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதாம் மரத்தின் கீழ் கிடக்கும் தட்டையான பழுப்புப் பொருளை எல்லோரும் கொட்டை என்றுதான் சொல்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் காம்புத் தழும்பும் மறுமுனையில் மழுங்கிய கூரும் தெரியும். ஆக அது முழுக் காய்தான், சதை மட்டும் காய்ந்துவிட்டது. உண்மையான விதை உள்ளே, கெட்டியான ஓட்டுக்குள் இருக்கிறது.

மேல்தோலும் சதையும் அழுகி உள் ஓடு மட்டும் மிஞ்சிய கொட்டைகளில் இரண்டு தழும்பும் தேய்ந்துபோயிருக்கும். அவற்றுக்கு வேறு வழி வேண்டும், கீழே வருகிறேன்.

காய் என்று தெரிந்துவிட்டது. அடுத்து நிறத்தைப் பார்க்கவா, வடிவத்தையா?

இரண்டுக்கும் முன்னால், அது எப்படித் திறந்திருக்கிறது என்று பாருங்கள். நிறம் வெயிலில் மாறும், வடிவம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கும். திறக்கும் விதம் மட்டும் மாறாது, ஏனென்றால் அது காயின் சுவரிலேயே அமைந்திருக்கிறது.

ஒரே பக்கம் மட்டும் பிளந்து, விரித்தால் தோணி போல ஆகும் காய்கள் ஒரு வகை. எருக்கும் அரளியும் அப்படித்தான். குதிரைப்பிடுக்கன் மரத்தின் கனத்த, மரக்கட்டை போன்ற காயும் இதே வகை. இரண்டு ஓரங்களிலும் பிளந்து இரண்டு தோடாகப் பிரிவது நெற்று, அதாவது அவரைக் குடும்பத்துக் காய். மூன்று, நான்கு, ஐந்து பாகமாகப் பிளப்பது வேறு வகை. மகோகனி இதற்கு நல்ல உதாரணம். கைப்பிடி அளவுக் கட்டைக் காய் அடியிலிருந்து மேல்நோக்கி ஐந்து தடித்த ஓடுகளாகக் கழன்று விழும். நடுவில் ஐந்து மூலை கொண்ட ஒரு தண்டு நிற்கும், அதைச் சுற்றி இறக்கை வைத்த விதைகள் அடுக்கியிருக்கும். தரையில் ஓட்டில் ஒரு துண்டு மட்டும் கிடைத்தால்கூட அதன் வளைவையும் கனத்தையும் வைத்து மகோகனி என்று சொல்லிவிடலாம்.

நான்காவதாக, திறக்கவே திறக்காதவை. புங்கம், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை அவரைக் குடும்பமாக இருந்தும் தாமாக வெடிப்பதில்லை. இதை மறந்தால் தவறு நடக்கும். நெற்று என்றாலே வெடித்திருக்க வேண்டும் என்று நினைத்து, மூடியே கிடக்கும் காயைப் பிஞ்சிலேயே உதிர்ந்தது என்று ஒதுக்கிவிடுவோம்.

நீளமாக, தட்டையாக, பழுப்பாக இருக்கும் நெற்றுகள் எல்லாமே எனக்கு ஒன்று போலத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

சாலையோரங்களில் அதிகம் கிடைப்பவையும் அதிகம் குழப்புபவையும் இவைதான். நிழலுக்காக நடப்படும் மரங்களில் அவரைக் குடும்பத்து மரங்கள் நிறைய. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: குல்மொகர், வாகை, தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, சவுண்டல். இவற்றைக் கண்ணால் பிரிப்பதைவிட விரலால் பிரிப்பது எளிது.

முதலில் வளைத்துப் பாருங்கள். வளையவே மறுத்து, மரப்பட்டையைப் பிடித்தது போல இருந்தால் அது குல்மொகர். அரை மீட்டர் நீளத்துக்குப் போகும், 4, 5 செ.மீ. அகலம் இருக்கும், கருத்த பழுப்பாகக் காய்ந்திருக்கும். மற்ற நான்கில் எதுவும் இந்த நீளத்தையும் கனத்தையும் தொடாது.

எளிதாக வளைந்து, காகிதம் போலச் சலசலத்தால் வாகையாகவோ சவுண்டலாகவோ இருக்கும். இவற்றுக்கு அகலமே போதும். வாகை நெற்று 3 செ.மீ.க்கு மேல் அகலமாக, வைக்கோல் நிறத்தில், விதை இருக்கும் இடமெல்லாம் தடித்துப் புடைத்திருக்கும். மரத்திலேயே பல மாதங்கள் தொங்கிக் காற்றில் கலகலவென்று ஒலிப்பது இதுதான். சவுண்டல் அதில் பாதி அகலம்தான், 2 செ.மீ. அளவு. இன்னும் மெல்லியது, செம்பழுப்பு நிறம். பல நெற்றுகள் ஒரே புள்ளியிலிருந்து கொத்தாகத் தொங்கும். பந்து போன்ற ஒரே பூக்கொத்திலிருந்து வந்தவை என்பதால்தான் அப்படி. உதிர்ந்து கிடக்கும்போதும் இரண்டு மூன்று காம்புகள் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

வளையாமலும் இல்லை, சலசலக்கவும் இல்லை, கையில் சதைப்பற்றாகக் கனக்கிறது என்றால் தூங்குமூஞ்சி. பக்கவாட்டில் பார்த்தால் அரை செ.மீ.க்குக் குறையாத தடிப்பு இருக்கும். இரண்டு ஓரங்களும் கயிறு வைத்துத் தைத்தது போலத் தடித்திருக்கும். உடைத்தால் உள்ளே பிசின் போன்ற பழுப்புச் சதை ஒட்டும்.

மிஞ்சியது பெருங்கொன்றை, சிலர் இயல்வாகை என்பார்கள். இது நீளமே இல்லை. 5 முதல் 10 செ.மீ.க்குள், இரண்டு முனையும் கூராக, காய்ந்த இலை போல இருக்கும். செம்பு நிறத்தில் தொடங்கிப் பிறகு கருக்கும். மேற்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். ஓரங்கள் விதையைத் தாண்டி மெல்லிய தகடாக நீண்டிருக்கும், காற்றில் பறப்பதற்கான ஏற்பாடு அது. ஒன்று முதல் நான்கு விதைகள்தான் உள்ளே இருக்கும்.

வாகை என்று நினைத்து ஒன்றை எடுத்து வந்தேன். வாகை மரத்தடியில்தான் கிடந்தது, ஆனால் நீங்கள் சொல்வது போல மெல்லியதாக இல்லை. 14 செ.மீ. நீளம், கறுப்புக்குப் பக்கமான பழுப்பு. என்னவாக இருக்கும்?

அளவுகளை இன்னும் கொஞ்சம் முழுமையாக எடுத்துப் பார்ப்போம். இதே போன்ற ஒன்று என்னிடமும் வந்தது, அதை அடையாளம் கண்ட வரிசையைச் சொல்கிறேன்.

நீளம் 14, அகலம் 1.8, தடிப்பு 0.6 செ.மீ. இந்தத் தடிப்பே வாகையை விலக்கிவிட்டது. வாகை நெற்றில் விதைப் புடைப்புகளுக்கு இடையே உள்ள பகுதி இரண்டு காகிதத்தை ஒட்டியது போலத்தான் இருக்கும். அகலத்தை மட்டும் பார்த்தால் சவுண்டல் பொருந்துகிறது, ஆனால் சவுண்டலும் மெல்லியதே. புளியாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் வந்தது. புளியின் ஓடு விரலால் அழுத்தினாலே நொறுங்கும், பரப்பில் பொடி ஒட்டியது போன்ற சொரசொரப்பு இருக்கும், குறுக்கே வெட்டினால் உருண்டையாகத் தெரியும். இது நொறுங்கவில்லை, தட்டையாக இருந்தது, ஓரங்கள் இரண்டும் தடித்திருந்தன.

அப்புறம் நடுவில் முறித்தேன். படக்கென்று முறியாமல் மெதுவாகக் கிழிந்தது. உள்ளே ஒட்டும் சதை, அதில் பதிந்த செம்பழுப்பு விதைகள், ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. விதையைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தபோது இரண்டு முகத்திலும் லாட வடிவில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. திறக்காத நெற்று, தடித்த ஓரம், ஒட்டும் சதை, லாடக் கோடு ஆகிய நான்கும் சேர்ந்து தூங்குமூஞ்சி என்று உறுதிசெய்தன.

வாகை மரத்தடியில் அது கிடந்தது ஏன்? தூங்குமூஞ்சி நெற்றை மாடுகளும் ஆடுகளும் விரும்பித் தின்னும், வாயில் கவ்விக்கொண்டு நகர்ந்து வழியில் போட்டுவிடும். எனக்குக் கிடைத்த நெற்றின் ஒரு முனை கடிக்கப்பட்டிருந்தது.

அப்படியென்றால் மேலே நிற்கும் மரத்தை நம்பக் கூடாதா?

துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகை நெற்று பத்து, இருபது கிடந்து, கிளையிலும் அதே தொங்கினால் சந்தேகமே இல்லை. ஒன்றே ஒன்று கிடந்தால் அது வந்து சேர்ந்ததாக இருக்கலாம். மெல்லிய நெற்றைக் காற்று தூக்கிவரும், வடிகாலில் மழைநீர் இழுத்துவரும். கொட்டைகள் விஷயத்தில் பழந்தின்னி வௌவால்கள் பெரிய ஏமாற்றுக்காரர்கள். பாதாம், புன்னைப் பழங்களைப் பறித்து, வேறொரு மரத்தில் போய்த் தொங்கிக்கொண்டு சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கே போட்டுவிடும். ஒரு வேப்ப மரத்தடியில் பாதாம் கொட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து நானே குழம்பி நின்றிருக்கிறேன். கொட்டையின் மேல் பல் பதிந்த கோடுகள் இருந்தால் இந்தச் சாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விதை எல்லாம் போய், வெறும் தோடு மட்டும் கிடைத்தால்?

வெறும் தோட்டின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் பேசும். விதை உட்கார்ந்திருந்த தடம் அங்கே அச்சு போலப் பதிந்திருக்கும். குல்மொகர் தோட்டின் உள்ளே குறுக்கு வாக்கில் நீள்குழிகள் ஏணிப்படி போல வரிசையாக இருக்கும், ஏனென்றால் அதன் விதை ஏறக்குறைய 2 செ.மீ. நீளமாகக் குறுக்கே படுத்திருக்கும். வாகையில் இப்படிக் குழி இருக்காது, மெல்லிய சுவரில் முட்டை வடிவத் தடம் மட்டும் தெரியும்.

சரக்கொன்றையில் இது இன்னும் தெளிவு. விரல் தடிமனில் உருளையாக, அரை மீட்டர் வரை நீளும் அந்தக் காயை உடைத்தால், உள்ளே நாணயங்களை அடுக்கியது போல மெல்லிய தடுப்புகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை, கறுத்துக் காய்ந்த பிசின். ஒரு விரற்கடைத் துண்டு கிடைத்தாலும் தவறாமல் சொல்லிவிடலாம்.

தோடு திருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மந்தாரை நெற்று காயும்போது சுவரின் இழைகள் சாய்வாக இழுப்பதால் திடீரென்று வெடித்து, இரண்டு தோடும் திருகாணி போல முறுக்கிக்கொள்ளும். மரத்திலிருந்து தூரத்தில் இப்படி முறுக்கிய தோடு கிடைத்தால் காற்று கொண்டுவந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம், வெடித்த வேகத்திலும் எறியப்பட்டிருக்கலாம். ஆனைக்குன்றிமணியின் தோடும் சுருளும். ஆனால் அது குறுகலானது, விதைகள் விழாமல் அதிலேயே ஒட்டி நிற்பதும் உண்டு.

ஒற்றை விதை மட்டும் கிடைத்தது. பளபளப்பாகப் பழுப்பாக இருக்கிறது. இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

குடும்பத்தைச் சொல்லலாம், மரத்தைச் சொல்வது பல நேரம் முடியாது. அதை ஒப்புக்கொள்வதே நல்லது.

பார்க்க வேண்டியது முன்பு சொன்ன லாடக் கோடு. விதையின் இரண்டு தட்டை முகங்களிலும் இருக்கும், திறந்த வாய் தழும்பு இருக்கும் முனையை நோக்கி இருக்கும். நகத்தால் தடவினால் சிலவற்றில் தட்டுப்படும், சிலவற்றில் கண்ணுக்கு மட்டும் தெரியும். வாகை, தூங்குமூஞ்சி, சவுண்டல், சீமைக்கருவேலம் எல்லாவற்றிலும் இது உண்டு. குல்மொகர் விதையில் இல்லை. அது நீளமாக, கல் போலக் கெட்டியாக, சாம்பலும் பழுப்புமாகப் புள்ளி கலந்து இருக்கும்.

லாடம் இருக்கிறது என்றால் அளவும் வடிவமும் கொஞ்சம் உதவும். சவுண்டல் விதை கண்ணீர்த் துளி போல ஒரு பக்கம் கூம்பிப் பளபளக்கும். வாகை விதை தட்டையாக, மங்கலாக இருக்கும். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல நெற்றோ இலையோ வேண்டும்.

தழும்பின் மேல் சின்னச் சதைமுடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். வரிவரியாகப் புள்ளி போட்ட பளபளப்பான விதையின் நுனியில் அப்படி ஒரு முடிச்சு இருந்தால் அது ஆமணக்கு முத்து.

சிவப்பு விதை கிடைத்தது. குன்றிமணியா, ஆனைக்குன்றிமணியா? தொடலாமா?

கறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குன்றிமணி முட்டை வடிவம், 6, 7 மி.மீ., தழும்பு இருக்கும் பக்கம் கறுப்பாக இருக்கும், மீதி சிவப்பு. ஆனைக்குன்றிமணி சற்றுப் பெரியது, இரு பக்கமும் குவிந்த தட்டை வடிவம், முழுவதும் சிவப்பு.

முழு விதையைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் குன்றிமணியின் உள்ளே அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கெட்டியான மேல்தோல்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது. மென்றாலும், உடைத்தாலும், மணி கோக்கத் துளையிட்டாலும் அந்தத் தடுப்பு போய்விடும். ஆமணக்கு முத்திலும் ரிசின் என்ற இதே போன்ற நஞ்சு உண்டு. யாராவது மென்றுவிட்டார்கள் என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மணிக்கணக்கில் கழித்துத்தான் அறிகுறி தெரியும் என்பதே இவற்றின் ஆபத்து.

இதனால்தான் அடையாளம் காண்பதற்காக எதையும் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம் என்கிறேன். முறிப்பதும் கையால் செய்யுங்கள், பல்லால் அல்ல.

நார் நாராக, உரித்த தேங்காய் மட்டை போல ஒரு கொட்டை. பாதாமா, வேறா?

மேல்தோல் போன பின் பல கொட்டைகள் இப்படி ஆகிவிடும். பாதாம் கொட்டையைக் கையில் உருட்டினால் உருளாது. தட்டையாக, 5 முதல் 7 செ.மீ., சுற்றிலும் படகின் அடிப்பகுதி போல ஒரு விளிம்பு ஓடும். எவ்வளவு தேய்ந்தாலும் அந்த விளிம்பு கடைசியில்தான் போகும். உதளைக் காயும் நாராகத்தான் ஆகும், ஆனால் அது பெரியது, முட்டை போல உருண்டது, விளிம்பு இல்லாமல் தடித்த நார் வலை போலச் சுற்றியிருக்கும். உதளையின் உள்ளே இருக்கும் பருப்பு இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆகவே சந்தேகம் இருக்கும் நார்க் கொட்டையை உடைக்க வேண்டாம்.

நாரே இல்லாமல், கெட்டியாக, முக்கோணமாக, குறுக்கே ஒரு வரம்பு ஓடினால் பொன்னரளி. அதுவும் நஞ்சுதான். வழவழப்பான உருண்டைப் பந்தாக இருந்தால் புன்னை. கம்பளி போர்த்தியது போல மெத்தென்ற மயிர் மூடிய சிறு உருண்டை, சிலநேரம் காகிதப் பை போன்ற உறைக்குள் இருந்தால் தேக்கு.

நெற்றில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கின்றன. இது அந்த மரத்தின் அடையாளமா?

இல்லை. விதைவண்டு வெளியேறிய வழி அது. தாய் வண்டு காயின் மேல் முட்டையிடும், புழு விதைக்குள் புகுந்து தின்று வளரும், முழு வண்டாகி ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை கச்சிதமாக, ஓரம் சீராக, 2 மி.மீ. அளவில் இருந்தால் இதுதான். அவரைக் குடும்பத்து நெற்றுகளில் மிகச் சாதாரணம்.

இதில் எனக்கு ஒரு நஷ்டம் நடந்தது. சேர்த்து வைத்திருந்த வாகை, சவுண்டல் நெற்றுகளை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டிருந்தேன். சில வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே வண்டுகள் ஊர்ந்தன, பாதி விதைகள் வெறும் தோலாகிவிட்டன. இப்போது எது கிடைத்தாலும் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில் போட்டு, ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்த பிறகுதான் சேர்த்து வைக்கிறேன். முளைக்கவைக்க எடுத்த விதை என்றால் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே உறைபெட்டிக்குப் போக வேண்டும், ஈரம் இருந்தால் விதை செத்துவிடும்.

எனக்குத் தெரியவில்லை, இன்னொருவரிடம் படம் அனுப்பிக் கேட்கப் போகிறேன். என்னென்ன எடுக்க வேண்டும்?

மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தடிப்பு தெரிய ஓரத்திலிருந்து ஒரு படம், காம்பு முனையும் மறுமுனையும் தெரிய ஒவ்வொன்று, முறித்த குறுக்குவெட்டு ஒன்று, விதை தனியாக ஒன்று. எல்லாவற்றிலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். இரண்டு நெற்று கிடைத்தால் ஒன்றை முறிக்காமல் வையுங்கள். கிடந்த இடத்தில் எத்தனை கிடந்தன, மேலே எந்த மரம் நின்றது, அதன் இலையும் பட்டையும் எப்படி இருந்தன என்றும் எழுதி அனுப்புங்கள். விதையை அனுப்பும்போது கழுவித் துடைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் லாடக் கோடு படத்தில் விழும். நேராக வெளிச்சம் அடித்தால் பளபளப்பில் அது மறைந்துவிடும்.